ட்ரெண்டில் காணாமல் போன மூன்றரை டிகிரி: ஹிஸ்டாரியன் டேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் நான் வேலை பார்த்த ஒரு கெமிக்கல் யூனிட்டில், ஒருநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆபரேட்டர் ஒருவர் வந்தார். "அண்ணே, ராத்திரி ரியாக்டர்ல ஹை டெம்பரேச்சர் அலாரம் அடிச்சுது. ட்ரெண்டுல பாத்தா ஒண்ணுமே இல்ல" என்றார். ஆலையை இயக்கும் டிசிஎஸ் கணினியின் அலாரம் பட்டியலில் நேரத்தோடு பதிவாகியிருந்தது. 78 டிகிரியில் நிற்க வேண்டிய பேட்ச் 81.5 வரை ஏறி, ஒன்றரை நிமிடத்தில் இறங்கியிருக்கிறது. அளவீடுகளை நேரத்தோடு சேமித்து வைக்கும் ஹிஸ்டாரியனிலோ கோடு போட்ட மாதிரி 78.

சென்சாரிலும் நெட்வொர்க்கிலும் கோளாறு இல்லை. ஹிஸ்டாரியனில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு டேக் உண்டு. இந்த டேக்கை உருவாக்கியவர் அதன் அமைப்புகளில் தானாக வந்த மதிப்புகளை மாற்றாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். பிஐ ஹிஸ்டாரியனில் புதிய டேக் போட்டால், எவ்வளவு மாறினால் மதிப்பை அனுப்புவது என்று சொல்லும் ExcDev அளவுவீச்சில் 1 சதவீதம், வந்ததில் எதைச் சேமிப்பது என்று சொல்லும் CompDev 2 சதவீதம் என்று வரும். சதவீதமாகப் படித்தால் சின்ன எண்தான். ஆனால் இந்த டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 0 முதல் 200 டிகிரி. அதில் 2 சதவீதம் என்றால் 4 டிகிரி! இந்த எண்ணை டிகிரியாக மாற்றிப் பார்க்காததுதான் முதல் தவறு.

4 டிகிரி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கடைசியாகச் சேமித்த புள்ளியிலிருந்து இப்போது வந்த புள்ளிக்கு ஒரு நேர்கோடு போடுகிறது மென்பொருள். நடுவில் வந்தவை எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் CompDev அளவுக்குள் இருந்தால், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். இதுதான் தரவு அமுக்கம். நம் கதையில் கோடு 78-இலிருந்து 78-க்கு. உச்சமான 81.5 கோட்டிலிருந்து 3.5 டிகிரிதான் விலகியது. 4-க்குள் இருந்ததால் போயே போச்சு. இப்படிப் போனதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

எவ்வளவு வைக்கலாம்? அளவீட்டுக் கருவியே நிச்சயமாகப் பிரித்துக் காட்ட முடியாத வித்தியாசத்தைத் தூக்கிப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். வெப்பநிலைக்கு வீச்சில் 0.2 சதவீதத்தில் தொடங்குவது எனக்குச் சரிப்பட்டது. ExcDev அதில் பாதி. இரண்டையும் சுழியாக வைத்துவிட்டால் சிக்னலின் இரைச்சல் எல்லாம் வட்டில் போய்ச் சேரும், அதுவும் வேண்டாம்.

```
Span    : 200
ExcDev  : 2.0  ->  0.2
CompDev : 4.0  ->  0.4
```

Span-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தானாக வருவது 100. கழிவுநீர் பிஎச் டேக்கில் அதை அப்படியே விட்டால் 2 சதவீதம் என்பது 2 பிஎச் அலகு. பிஎச் 7-இலிருந்து 8.8-க்குப் போய்த் திரும்பினாலும் பதிவில் வராது. கடலில் விடும் நீருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது ஸ்கேன் நேரம். தரவு அமுக்கத்தைச் சரிசெய்தாலும், படிக்காத மதிப்பு பதிவாகாது. நிமிடத்துக்கு ஒருமுறை படித்திருந்தால், அந்த ஒன்றரை நிமிட ஏற்றத்தில் ஒன்றோ இரண்டோ புள்ளிதான் கிடைத்திருக்கும், உச்சம் அதில் மாட்டுவது அதிர்ஷ்டம். 5 விநாடிக்கு ஒருமுறை என்றால் 18 புள்ளி. நாம் பார்க்க விரும்பும் மிகச் சின்ன நிகழ்வில் பத்துப் புள்ளியாவது விழ வேண்டும் என்பது என் கணக்கு. அதற்காக எல்லாவற்றையும் ஒரு விநாடியில் படிக்கத் தேவையில்லை. டேங்க் மட்டம் அத்தனை வேகமாக மாறாது.

மெதுவாகப் படிப்பது மறைப்பதோடு நிற்காது, பொய்யும் சொல்லும். கண்ட்ரோல் வால்வு ஒட்டிக்கொண்டு ஃப்ளோ 8 விநாடிக்கு ஒருமுறை ஆடுகிறது, நீங்கள் 10 விநாடிக்கு ஒருமுறை படிக்கிறீர்கள் என்று வையுங்கள். ட்ரெண்டில் 40 விநாடிக்கு ஒருமுறை சாவகாசமாக ஆடுவது போலத் தெரியும். அதை நம்பி வேறு லூப்பை ட்யூன் செய்யப் போனால் ஒரு நாள் வீண்.

வால்வு திறப்பு/மூடல், பம்ப் ஓட்டம் போன்ற டேக்குகளுக்குத் தரவு அமுக்கமே வேண்டாம். அடுத்த மதிப்பு வரும்வரை பழையதையே காட்டும் Step-ஐயும் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் வால்வு பத்து நிமிடம் மெல்ல மெல்லத் திறந்ததாகச் சாய்கோடு வரும்.

உங்கள் டேக்கில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ட்ரெண்டை விடச் சேமித்த மதிப்புகளின் நேரப் பட்டியல் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் ரியாக்டரின் வெப்பநிலை சுமார் 8 மணி நேரத்துக்கு ஒன்றாக மட்டும் பதிவாகியிருந்தால் CompDev மிக அதிகம். ஏனென்றால் இரண்டு பதிவுகளுக்கு நடுவே விடும் அதிகபட்சக் கெடுவான CompMax-இல் தானாக வரும் 28800 விநாடி அதே 8 மணி நேரம்தான். எதுவும் மாறவில்லை என்று நினைத்து, கெடு முடிந்ததும் ஒரு புள்ளி போடுகிறது.

எங்கள் கதை அதோடு முடியவில்லை. CompDev-ஐ 0.4 ஆக்கியும் கோடு ஒரு டிகிரி ஒரு டிகிரியாகப் படி ஏறியது. அப்புறம்தான் டிசிஎஸ்ஸிலிருந்து ஹிஸ்டாரியனுக்கு மதிப்புகளைக் கொண்டுவரும் ஓபிசி சர்வரைத் திறந்து பார்த்தோம். அங்கே 0.5 சதவீத டெட்பேண்ட் யாரோ போட்டிருந்தார்கள், அதாவது 200-க்கு ஒரு டிகிரி மாறும்வரை மதிப்பை அனுப்பாது. ஹிஸ்டாரியனுக்கு வருவதற்கு முன்னாலேயே வடிகட்டியாகிவிட்டது. அதைச் சுழியாக்கிய அன்று மாலை பேட்ச்சில்தான் வளைவு வளைவாக வந்தது.