மலிவு போன்ல கேம் திணறுதா? பார்ட்டிகிள் எஃபெக்ட்ல பண்ணக்கூடாத தப்புங்க

தங்கச்சிமடத்துல ஒரு தம்பி யூனிட்டில படகு கேம் ஒண்ணு பண்ணிட்டு இருக்கான். விசைப்படகு பாம்பன் பாலத்துக்கு அடியில போகணும், வாடைக்காத்து நேரத்து வடகடல் மாதிரி அலை அடிக்கணும், படகு முனையில, அணியத்துல தண்ணி மோதி சாரல் தெறிக்கணும். கம்ப்யூட்டர்ல பாக்க அவ்வளவு அழகா இருக்கு. எட்டாயிரம் ரூபா போன்ல போட்டா சாரல் வர்ற வரைக்கும் நல்லா ஓடுது, சாரல் தெறிச்ச உடனே இழுக்குது. அவன் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணே, மொத்தமே 60 பார்ட்டிகிள்தான் இருக்கு, இதுக்கே ஏன் திணறுது?"

முதல் தப்பு அந்தக் கேள்விக்குள்ளயே இருக்கு. பார்ட்டிகிள் எத்தனைன்னு எண்ணக்கூடாது, அது திரையில எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு பாக்கணும். படகுக்கு பெயின்ட் அடிக்கிறப்ப பத்து கோட்டிங் போட்டாலும் கண்ணுக்குத் தெரியிறது மேல இருக்கிறது மட்டும்தான், ஆனா பத்துக்கும் பெயின்ட் செலவு, கூலி எல்லாம் ஆகும்ல, ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரையிற ஓவர்டிராங்கிறதும் அதேதான். மறைக்கிற பொருளா இருந்தா, முன்னாடி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும் பின்னாடி இருக்கிறதை ஜிபியு வரையாம விட்டுரும். சாரலும் புகையும் பாதி ஊடுருவித் தெரியிற சமாச்சாரம், அதனால ஒவ்வொரு அடுக்கையும் வரைஞ்சு கீழ இருக்கிற கலரோட கலக்கியே ஆகணும், தப்பிக்க வழியே இல்ல. 1600க்கு 720 திரைன்னா கிட்டத்தட்ட 11.5 லட்சம் பிக்சல். சாரல் முழுத்திரையையும் பத்து அடுக்கா மூடினா ஒரு ஃபிரேமுக்கு 1.15 கோடி பிக்சல் வேலை, 60 ஃபிரேம்னா செகண்டுக்கு 69 கோடி. தண்ணி, படகு, பாலம் எல்லாம் இதுக்கு மேல தனிக்கணக்கு.

இது ஓவர்டிராதானா, இல்ல வேற ஏதாவதான்னு யூகிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். எண்ணிக்கையைத் தொடாம பார்ட்டிகிளோட அளவை மட்டும் பத்துல ஒண்ணாக்கி அதே போன்ல ஓட்டிப் பாருங்க. ஃபிரேம் நேரம் சட்டுன்னு குறைஞ்சா அது ஓவர்டிரா. அப்படியே இருந்தா பிரச்சனை சிபியு பக்கம், அங்க எண்ணிக்கையை மட்டும் குறைச்சாலே பலன் கிடைக்கும். ஃபிரேம் எத்தனைன்னு பாக்குறதைவிட ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லிசெகண்டுன்னு பாருங்க, 60 ஃபிரேம் வேணும்னா 16.6க்குள்ள முடியணும். தம்பிக்கு அளவைக் குறைச்சதும் இழுவை போயிருச்சு, அப்ப சந்தேகமே இல்ல.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற தப்புக்கு வர்றேன், கிட்டத்தட்ட எல்லா புகை, சாரல், தூசி எஃபெக்ட்லயும் இது இருக்கும். பார்ட்டிகிள் பிறக்கிறப்ப சின்னதா அடர்த்தியா இருக்கும், போகப் போக பெருசாகி மங்கி மறையும். பாக்க இயல்பா இருக்கும், ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா வயிறு எரியும், ஏன்னா அது எப்ப ரொம்பப் பெருசா இருக்கோ அப்பதான் கண்ணுக்கே தெரியாம இருக்கு. தம்பியோட செட்டிங் இதுதான்: செகண்டுக்கு 20 பார்ட்டிகிள், ஆயுசு 3 செகண்ட், அளவு அரை மீட்டர்ல ஆரம்பிச்சு சீரா 3 மீட்டர் வரைக்கும் வளரும், எவ்வளவு அழுத்தமாத் தெரியணும்கிற ஆல்ஃபா 0.3ல ஆரம்பிச்சு சீரா 0க்கு இறங்கும். ஒவ்வொண்ணும் ஒரு சதுரம், பரப்பு அளவோட வர்க்கமா ஏறும். எந்த நேரத்துலயும் உயிரோட இருக்கிற 60 பார்ட்டிகிளோட பரப்பைக் கூட்டினா சுமார் 215 சதுர மீட்டர் வருது. அதுல 63 சதவீதம் கடைசி ஒரு செகண்ட்ல இருக்கிற பார்ட்டிகிளுங்களோடது, அப்ப அதோட ஆல்ஃபா 0.1க்கும் கீழ! வெயில்ல நின்னு போனைப் பாக்குறவனுக்கு அது இருக்கிறதே தெரியாது, ஜிபியுவுக்கு மட்டும் முழு வேலை.

அப்ப கடைசி செகண்டை வெட்டிருங்க, ஆயுசு 2 செகண்ட் போதும். இங்கதான் நிறைய பேர் அடுத்த தப்பைப் பண்றாங்க. `Start Lifetime`-ஐ மட்டும் 2 ஆக்கிட்டு விட்டுருவாங்க. ஆனா `Size over Lifetime` கர்வ் ஆயுசு எவ்வளவோ அதுக்கு ஏத்தபடி சுருங்கிக்கும், அதனால பார்ட்டிகிள் இப்பவும் 3 மீட்டர் வரைக்கும் வளரும், முன்னைவிட வேகமா வளரும் அவ்வளவுதான். அப்படி விட்டா பரப்பு 215ல இருந்து 143க்குத்தான் வரும். பழைய வேகத்துலயே வளரணும்னா கடைசி அளவை 2.17 மீட்டராக் குறைக்கணும், `Start Size` 3ன்னு வச்சிருந்தா கர்வோட கடைசிப் புள்ளி 1ல இருந்து 0.72க்கு வரணும். இப்ப பரப்பு சுமார் 80 சதுர மீட்டர்.

இன்னும் குறைக்கலாம். அணியத்துக்கிட்ட சாரல் அடர்த்தியா இருக்கிற இடத்துல எட்டு அடுக்கு 0.3 ஆல்ஃபால இருந்தா பின்னாடி இருக்கிறது 94 சதவீதம் மறையும். அஞ்சே அடுக்கை 0.45 ஆல்ஃபால வச்சாலும் 95 சதவீதம் மறையும். ஒரே வெள்ளைதான், மூணு அடுக்கு மிச்சம். அதனால 20ஐ 12 ஆக்கி ஆல்ஃபாவை ஏத்தினோம்:

```csharp
var main = ps.main;
main.startLifetime = 2f;
main.startColor = new Color(1f, 1f, 1f, 0.45f);
var em = ps.emission;
em.rateOverTime = 12f;
```

மொத்தம் 48 சதுர மீட்டர், பழைய செலவுல 22 சதவீதம். படகுக்குப் பின்னாடி சாரல் வால் கொஞ்சம் குட்டையாச்சு, அது உண்மைதான், அந்த இடத்துக்கு தண்ணி மேல நுரைப் படம் ஒரே ஒரு பட்டையா போட்டுக்கிட்டான். ஆல்ஃபாவை இதுக்கு மேல ஏத்தினா தனித்தனி உருண்டையாத் தெரிய ஆரம்பிச்சிரும், சாரல் டெக்ஸ்சர் நல்லா இல்லன்னா 0.45லயே தெரியும், கண்ணால பாத்துத்தான் நிறுத்தணும்.

கேமராவையும் மறந்துறக்கூடாது. மேல போட்ட கணக்கு எல்லாம் மீட்டர்ல, ஜிபியு எண்ணுறது பிக்சலை. படகு திரும்புறப்ப சாரல் கேமரா மூஞ்சிக்கு நேரா வந்தா ரெண்டு மீட்டர் பார்ட்டிகிள் ஒண்ணே திரையில பெரிய இடத்தை அடைச்சிரும், ஃபிரேம் விழுறதும் சரியா அந்தத் திருப்பத்துலதான். பார்ட்டிகிளோட `Renderer` பகுதியில `Max Particle Size`னு ஒண்ணு இருக்கு, வழக்கமா 0.5, அதாவது திரையோட பாதி வரைக்கும் போகலாம்னு அர்த்தம். அதை 0.2 ஆக்கினா அப்படி முட்டி நிக்கிற பார்ட்டிகிளோட பரப்பு ஆறுல ஒரு பங்குக்கு வந்துரும். இது பில்போர்ட் மோடுல மட்டும்தான் வேலை செய்யும்.

கலரைக் கூட்டிக் கலக்குற ஆடிட்டிவ் ஷேடருக்கு மாத்தினா லேசாயிரும்னு சிலர் சொல்றாங்க, இல்ல, அதுவும் ஒவ்வொரு அடுக்கையும் கலக்கித்தான் ஆகணும். டெக்ஸ்சர் ஓரத்துல காலியா இருக்கிற பிக்சலுக்கும் ஷேடர் ஓடத்தான் செய்யும், ஓரத்துல வெத்து இடம் நிறைய விட்டிருந்தா வெட்டி நெருக்கமாக்குங்க. சாரலுக்கு லைட்டிங் ஷேடர் வேண்டவே வேண்டாம், அன்லிட் போதும். `Soft Particles`-ஐயும் மலிவு போனுக்கு அணைச்சிருங்க, அது ஒவ்வொரு பிக்சலுக்கும் டெப்த் டெக்ஸ்சரைப் போய்ப் படிக்குது.

கடைசியா டெஸ்ட் பண்ற இடம். ஏசி ரூம்ல ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு சரியாயிருச்சுன்னு சொல்லாதீங்க. மண்டபம் ஜெட்டில மத்தியான வெயில்ல, பிரைட்னஸை முழுசா ஏத்தி வச்சு விளையாடுற பையன் கையில அந்த போன் கொதிக்கும், சூடு ஏறினா போன் தானா ஜிபியு வேகத்தைக் குறைச்சிரும், உள்ள 14 மில்லிசெகண்ட்ல முடிஞ்ச ஃபிரேம் வெளிய 20ஐத் தாண்டலாம். பதினஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அதுக்கப்புறம் வர்ற மில்லிசெகண்டை எழுதி வைங்க. அதுலயும் 16.6 தாண்டினா, கொஞ்ச நேரம் சராசரி பாத்து `rateOverTime`-ஐ 12ல இருந்து 8க்கு இறக்குற மாதிரி கோட் எழுதிருங்க. சூடு ஆறினதும் உடனே திரும்ப ஏத்தாதீங்க, சாரல் கூடிக் கூடிக் குறையிறது கண்ணுக்கு அப்பட்டமாத் தெரியும், அடுத்த லெவல் ஆரம்பிக்கிறப்ப ஏத்திக்கலாம்.