வரிச் சந்தேகமா? இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்

வருமான வரி பற்றிக் கேட்கும்போது நிதியாண்டு, வருமானம் வந்த வழி, அந்த ஆண்டு எந்த நாட்டில் குடியிருந்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

"12 லட்சத்துக்கு வரி உண்டா?" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இந்தியாவில் புதிய வரி முறையில், நிலையான கழிவு போக 12 லட்சம் சம்பளம் என்றால் 2025-26 நிதியாண்டுக்கு வரி இல்லை. 2024-25 என்றால் செஸ்ஸோடு 83,200 ரூபாய். இதில் பலர் தடுமாறுவது ஆண்டில்தான்: 2025-26 மதிப்பீட்டு ஆண்டு என்பது 2024-25 நிதியாண்டு. 12 லட்சம் ரூபாயில் 2 லட்சம் ரூபாய், பங்குச் சந்தையில் வாங்கிய பங்குகளை ஓராண்டுக்குள் விற்றதில் வந்த லாபம் என்றால், அந்த 2 லட்சத்துக்கு 20% வரி உண்டு. வெளிநாடுவாழ் இந்தியருக்கோ, 12 லட்சத்துக்கு வரி இல்லாமல் செய்யும் 87ஏ தள்ளுபடியே கிடையாது.

பான் அட்டையில் முகவரி மாற்றுவது போன்ற நடைமுறைக் கேள்விகளுக்கு இந்த விவரங்கள் தேவையில்லை.