பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது: ஏ.ரி.எம். முறைப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கியொன்றின் அட்டை முறைப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாக அட்டை பெற்ற இளையவர்கள் செய்யும் தவறுகளைப் பார்க்கையில், அவற்றில் ஒன்று வேலையில் சேருமுன் நானே செய்தது என்பதால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இயந்திரம் யாருடையதோ அவர்களிடம் போவது

ஒரு சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில், வேறொரு வங்கியின் இயந்திரத்தில் 20,000 ரூபா கேட்டேன். பணம் வரவில்லை, கழிந்ததாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. திங்கட்கிழமை அந்த இயந்திரத்துக்குரிய கிளைக்குப் போனேன். "பணத்தை எண்ணிப் பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். மூன்று தடவை அலைந்த பிறகுதான், "உங்கள் வங்கிதான் எங்களிடம் கேட்க வேண்டும்" என்றார் ஓர் அலுவலர். பத்து நாள் வீணாயிற்று.

அவர் சொன்னது சரிதான். என் கணக்கு அவர்களிடம் இல்லை. அட்டை தந்த வங்கிதான், வங்கிகளின் இயந்திரங்களை இணைக்கும் லங்காபே வலையமைப்பின் ஊடாக உரிமை கோர முடியும். அதன்பின் இயந்திரத்துக்குரிய வங்கி, இயந்திரத்தின் பதிவேட்டையும் பெட்டியில் எஞ்சிய பணத்தையும் ஒப்பிடும். பதிவில் 20,000 வெளியேறியதாக இருந்து, பெட்டியில் அதே தொகை மிகுதியாக இருந்தால் கோரிக்கை உறுதியாகிறது. பணம் வாயில்வரை வந்து, எடுக்கப்படாமல் உள்ளிழுக்கப்பட்டிருந்தாலும் அது எண்ணப்பட வேண்டியதே, ஆகவே தாமதமாகும்.

எவ்வளவு நாள் பொறுப்பது

கோளாறை இயந்திரமே உணர்ந்து மீளளிப்புச் செய்தியை அனுப்பிவிட்டால், பணம் சில நிமிடங்களிலேயே திரும்பிவிடும். இணைப்பு இடையில் அறுந்திருந்தால் கணக்குச் சரிபார்ப்பு வரை காத்திருக்க வேண்டும்: சொந்த வங்கியின் இயந்திரமெனில் பெரும்பாலும் ஓரிரு வேலை நாள், பிற வங்கியுடையதெனில் ஏறத்தாழ ஒரு வாரம். வார இறுதியும் போயா விடுமுறையும் இதில் சேராது. இருந்தாலும் முறைப்பாட்டை அன்றே பதிந்து, அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பணம் தானாக வந்துவிட்டால் முறைப்பாடு தானே முடிந்துவிடும்.

இந்தியக் காணொளியை நம்புவது

பணம் திரும்ப ஐந்து நாளைக் கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று அக்காணொளிகளில் சொல்வது, இந்திய ரிசர்வ் வங்கி 2019இல் விதித்த விதி. அதைக் காட்டி இங்குள்ள கிளையில் வாதாட வேண்டாம்.

உடனே மறுபடி முயல்வது

முதலில் கணக்கு மீதியைப் பாருங்கள். இரண்டு தடவை கழிந்தால் இரண்டு முறைப்பாடுகள்.

பற்றுச்சீட்டை எறிவது

எறியாதீர்கள். சீட்டே வராவிட்டால் இடம், நேரம், தொகை மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் எதுவுமின்றி மேலே போவது

வங்கியின் பதில் திருப்தியளிக்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் உங்கள் வங்கியிடம் ஏற்கெனவே முறையிட்டீர்களா என்று அங்கே கேட்பார்கள். அப்போது அந்த முறைப்பாட்டு இலக்கம் கையில் இருக்க வேண்டும்.