பழைய குளியலறையை மாற்றும் வேலைக்கு கொட்டேஷன் எழுதுவது எப்படி: பொருள், கூலி, எதிர்பாராச் செலவு தனித்தனியாக

சின்ன வேலைக்கு கொட்டேஷன் எழுதுவது பெரிய வேலையைவிடக் கடினம். பெரிய வேலையில் ஒரு கணக்கு தப்பினால் இன்னொன்று ஈடுகட்டும். ஒரே ஒரு குளியலறையில் அதற்கு இடமில்லை. அதனால் ஒரு அறையை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டுகிறேன். பொருளும் கூலியும் விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். எனவே பணத்தொகை எழுதாமல் அளவுகளோடு நிறுத்துகிறேன். பணம் வரவேண்டிய இடத்தில் மொத்தச் செலவை 1000 பங்காக வைத்துக்கொள்கிறேன்.

அறை 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். சுவரில் 2.1 மீட்டர் உயரம்வரை டைல்ஸ். கதவு 0.75 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். ஜன்னல் அதற்கு மேலே இருப்பதால் கழிக்க ஒன்றுமில்லை. வேலை இதுதான்: பழைய டைல்ஸை உடைத்து எடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புதிதாகப் பதித்து, குழாய் சாமான்களைத் திரும்ப மாட்டுவது.

அளவு

தரை 2.4 × 1.5 = 3.6 சதுர மீட்டர். சுவரின் மொத்தச் சுற்று 7.8 மீட்டர், 2.1-ஆல் பெருக்கினால் 16.38. கதவுக்கு 1.58 போக 14.8 சதுர மீட்டர். இரண்டும் சேர்த்து 18.4.

சிறிய அறைக்கு லேசர் கருவியைவிட டேப்தான் எனக்குப் பிடிக்கும். சுவர் ஓரம் எங்கே கோணல், எந்த மூலை 90 பாகையில் இல்லை என்பது டேப்பைப் பிடித்து நகரும்போது கண்ணில் படும். ஒவ்வொரு சுவரையும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை அளந்து, பெரிய எண்ணை எழுதுங்கள்.

பொருள் பட்டியல்

டைல்ஸை சதுர மீட்டரில் கணக்கிட்டாலும் பெட்டியாகத்தான் வாங்குவோம். சேதாரத்தைச் சேர்த்து, பெட்டியின் பரப்பால் வகுத்து, அடுத்த முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும். இதற்கென்று இருக்கும் செயலிகள் பலவற்றில் சேதார சதவீதம் உள்ளே ஒளிந்திருக்கும். நான் சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டையே விரும்புகிறேன். B2-இல் பரப்பு, C2-இல் சேதாரம், D2-இல் ஒரு பெட்டியின் பரப்பு:

```
=ROUNDUP(B2*(1+C2)/D2, 0)
```

நேராகப் பதித்தால் 10% சேதாரம் போதும். சாய்வாகப் பதித்தாலோ பெரிய டைல்ஸ் என்றாலோ 15% வையுங்கள். நம் சுவருக்கு 300 × 600 மி.மீ. டைல், பெட்டிக்கு 8, அதாவது 1.44 சதுர மீட்டர். 14.8-ஐ 1.1-ஆல் பெருக்கி 1.44-ஆல் வகுத்தால் 11.3 வரும், ஆக 12 பெட்டி. தரைக்கு 300 × 300 டைல், பெட்டிக்கு 10 என்றால் 4.4 வரும், ஆக 5 பெட்டி.

டைல் ஒட்டும் பசை 3 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ பிடிக்கும். 18.4-க்கு 92 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டை 5. இந்தக் கணக்கு சுவர் மட்டமாக இருந்தால்தான் செல்லும். பள்ளத்தைப் பசையாலேயே நிரப்பினால் கனம் 6 மி.மீ. ஆகி, மூட்டையும் இரட்டிப்பாகும். அதனால் சுவரை மட்டப்படுத்தும் பூச்சு வேலையை கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள், பசைக் கணக்குக்குள் புதைக்காதீர்கள்.

இணைப்பை நிரப்பும் கிரவுட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. அளவுகள் எல்லாம் மி.மீ., விடை சதுர மீட்டருக்குக் கிலோ:

```
(நீளம் + அகலம்) / (நீளம் × அகலம்) × டைல் கனம் × இடைவெளி × 1.6
```

டைல் 9 மி.மீ. கனம், இடைவெளி 3 மி.மீ. என்று வைத்தால் சுவருக்கு 3.2 கிலோ, தரைக்கு ஏறக்குறைய 1 கிலோ வரும். 5 கிலோ எழுதினால் சரி.

வாட்டர்ப்ரூஃபிங் தரையோடு நிற்காது. சுவர் அடியில் 15 செ.மீ. ஏற வேண்டும், ஷவர் பக்கச் சுவர்களிலும் பூச வேண்டும். இங்கே தரை 3.6, அடிப்பகுதி 1.1, ஷவர் மூலையில் 2.4 மீட்டர் அகலத்துக்கு 4.7, மொத்தம் 9.4 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

வீட்டுக்காரர் இன்னும் தேர்ந்தெடுக்காத சாமான்கள் சில இருக்கும், உதாரணமாகக் குழாயும் வாஷ்பேசினும். அவற்றுக்கு உத்தேசத் தொகை ஒன்றை எழுதி, "வாங்கும் விலைக்கேற்ப மாறும்" என்று அதே வரியில் குறிப்பிடுங்கள். இதை எதிர்பாராச் செலவோடு சேர்க்கக் கூடாது. குழாய் வாங்கப் போகிறோம் என்பது முன்பே தெரிந்த விஷயம், தொகை மட்டும்தான் தெரியாது.

கூலி

"லேபர் மொத்தமாக இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதினால் பிறகு எந்த மாற்றத்துக்கும் விலை சொல்ல முடியாது. வேலை வாரியாக ஆள்நாள் எழுதுங்கள்:

| வேலை | ஆள்நாள் |
|---|---|
| உடைத்தல், கழிவு இறக்குதல் (2 பேர், ஒன்றரை நாள்) | 3 |
| குழாய் இணைப்பு, வடிகுழாய் (பிளம்பர்) | 1 |
| சுவர் பூச்சைச் சரிசெய்தல் (2 பேர்) | 2 |
| வாட்டர்ப்ரூஃபிங் (2 கோட், இரண்டு அரை நாள்) | 1 |
| டைல்ஸ் பதித்தல் (2 பேர், 4 நாள்) | 8 |
| கிரவுட், சிலிகான், சுத்தம் | 1 |
| சாமான்கள் மாட்டுதல் (பிளம்பர்) | 1 |

மொத்தம் 17 ஆள்நாள். பதிக்கும் வேகத்தைத் திறந்த கூடத்தில் பார்த்த வேகத்தை வைத்துப் போடாதீர்கள். சின்ன அறையில் வெட்டு அதிகம், நிற்க இடம் குறைவு. இரண்டு பேர் சேர்ந்து நாளைக்கு 5 சதுர மீட்டர் என்பதே நியாயமான எண்.

கூலி இல்லாத நாட்களும் உண்டு. பூச்சு காய வேண்டும், கோட்டுகளுக்கு நடுவே பொறுக்க வேண்டும், பிறகு வடிகுழாயை அடைத்துக் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் கட்டிக் கசிவு பார்க்க வேண்டும். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கூலியை ஒரு பத்தியிலும் கால அட்டவணையை வேறு பத்தியிலும் வைத்தால்தான் "ஆளே வரவில்லையே" என்ற பேச்சு எழாது.

இதில் பலர் விடுவது கழிவு. 18.4 சதுர மீட்டரில் டைலும் கலவையும் சேர்த்து 25 மி.மீ. கனம் என்றாலே 0.46 கன மீட்டர், ஏறக்குறைய 900 கிலோ. உடைத்த பிறகு அது பாதி அளவு கூடுதலாக உப்பும். இறக்குவதும் வண்டியும் தனி வரி. மாடியில் இருந்தால் இறக்க இன்னும் ஆள்நாள் கூட்டுங்கள்.

எதிர்பாராச் செலவு

அதிகம் சிக்குவது இங்கேதான். வழக்கமாக 10% என்று போட்டுவிடுவார்கள். "எதற்கு 10?" என்று வீட்டுக்காரர் கேட்டால் பதில் இருக்காது. பதில் இல்லாத தொகையைத்தான் அவர் முதலில் வெட்டச் சொல்வார்.

அதனால் சுவரைக் கேட்டு முடிவெடுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் ஒட்டியிருக்கிறது. பொள்ளென்று கேட்டால் அடியில் காலி. அப்படிப்பட்டவற்றைச் சாக்கால் குறியுங்கள். குறிகள் ஒரே சுவரில் கூடினால் பூச்சே பிடி விட்டிருக்க வாய்ப்பு அதிகம். சுவரின் மறுபக்கத்தையும் கீழ்த்தளக் கூரையையும் பாருங்கள். பழுப்புக் கறை இருந்தால் வடிகுழாயைச் சந்தேகப்பட வேண்டும். தரையில் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்றும் பாருங்கள்.

நம் அறையில் இந்தச் சோதனை தந்த படம் இது. பொருள், கூலி, கழிவு எல்லாம் சேர்ந்த அடிப்படைச் செலவு 1000 பங்கு. பூச்சு முழுவதும் பெயர்ந்து வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, வந்தால் கூடுதல் செலவு 80. வடிகுழாய் விரிசல் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, வந்தால் 120. தரை மட்டத்தை மறுபடி போடும் நிலை மூன்றில் ஒரு பங்கு, வந்தால் 90. வாய்ப்பையும் செலவையும் பெருக்கினால் 40, 30, 30. கூட்டினால் 100, அதாவது 10%.

இங்கே நிற்கக் கூடாது. 100 என்பது பல வேலைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வரும் சராசரி. இந்த வீட்டுக்காரருக்கு நடப்பது ஒரே வேலை. அவர் வீட்டில் வடிகுழாய் விரிந்திருந்தால் 120 வேண்டும், கையில் 100 தான் இருக்கும். ஆகவே தனியொரு பெரிய சிக்கலையாவது தாங்கும்படி 120 என்று வையுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் 290 ஆகும், அது அடங்காதுதான். அதற்கு மூன்று சிக்கலுக்கும் அலகு விலையை முன்கூட்டியே அட்டவணையில் கொடுத்துவிடுங்கள்: பூச்சு சதுர மீட்டருக்கு, குழாய் மீட்டருக்கு, தரை சதுர மீட்டருக்கு. சிக்கல் வந்த நாளில் பேரம் பேச வேண்டியதில்லை.

கொட்டேஷனில் இந்தத் தொகைக்குக் கீழே மூன்று வாக்கியம் எழுதுங்கள். இது மேலே சொன்ன காரணங்களுக்கு மட்டும் பயன்படும். செலவிடுவதற்கு முன் படமும் அளவும் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்கப்படும். பயன்படாத தொகை பில்லில் சேர்க்கப்படாது. இது வீட்டுக்காரரின் பணம் என்பது அதிலேயே விளங்கிவிடும். உங்கள் லாபத்தையோ டைல் சேதாரத்தையோ இதற்குள் ஒளித்தால் அந்த மூன்றாவது வாக்கியத்தை நேர்மையாக எழுத முடியாது.

லாபம் பற்றி ஒரு வரி. விற்பனை விலையில் 15% வேண்டுமென்றால் 1000-ஐ 1.15-ஆல் பெருக்காதீர்கள், 0.85-ஆல் வகுங்கள். 1150-க்குப் பதில் 1176 வரும். எதிர்பாராச் செலவையும் அதே விகிதத்தில் ஏற்றித் தனி வரியில் காட்டுங்கள். அரசுக்குக் கட்டும் வரி கடைசியில்.

பிறகு சேர்த்தது

"வீட்டுக்காரர் எதிர்பாராச் செலவையே எடுக்கச் சொல்கிறார், என்ன செய்வது?" என்று கருத்துப் பகுதியில் சிலர் கேட்டிருந்தார்கள். எடுத்துவிடலாம். ஆனால் அலகு விலை அட்டவணையை எடுக்காதீர்கள். "டைல்ஸுக்கு அடியில் மறைந்திருக்கும் பழுதுகள் இந்த விலையில் அடங்காது, அட்டவணைப்படி தனியாகக் கணக்கிடப்படும்" என்ற வரியைச் சேர்த்து, அதற்குப் பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். தொகை போனாலும் ஆபத்து போகவில்லை. அது யார் பக்கம் இருக்கிறது என்பது தாளில் இருக்க வேண்டும்.

இன்னொருவர் சுட்டிக்காட்டியது: டைல் பெட்டியில் இருக்கும் நிறக்குறி எண் வேறானால் ஒரே மாடலிலும் சாயல் மாறும். பாதியில் போய் ஒரு பெட்டி வாங்கினால் சுவரில் தெரியும். கொட்டேஷனில் "அனைத்தும் ஒரே நிறக்குறி, ஒரே முறையில் கொள்முதல்" என்று எழுதுங்கள். மிஞ்சும் முழு டைல்கள் வீட்டுக்காரரிடமே விடப்படும் என்பதையும் எழுதுங்கள், பிற்காலத்தில் குழாய் பழுதுக்கு ஒன்றிரண்டை உடைக்க நேர்ந்தால் அவருக்கு உதவும்.