வாட்ஸ்அப் எழுத்து கண்ணை உறுத்துகிறதா? பெரும்பாலோர் தவறான இடத்தில் மாற்றுகிறார்கள்

சாட் படிக்கச் சிரமமாக இருந்தால் பலர் முதலில் கை வைப்பது செய்தி இருக்கும் குமிழியின் நிறத்தில். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் Settings, Chats, Default chat theme என்று போனால் வண்ணங்கள் வரிசையாக வரும். ஆனால் அங்கே மாறுவது பெரும்பாலும் நீங்கள் அனுப்பும் குமிழிதான். எதிராளியின் குமிழி பகலில் வெள்ளை, இரவில் கருஞ்சாம்பல் என்று அப்படியே இருக்கும். நீங்கள் சிரமப்பட்டுப் படிப்பதோ எதிராளி எழுதியதை. அதற்கு நிறம் உதவாது. Chats பகுதியிலேயே இருக்கும் Font size உதவும். அதை Large ஆக்குங்கள்.

தமிழுக்கு இது ரொம்ப அவசியம். சின்ன எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'மண்ணெண்ணெய்' என்று ஒரு வார்த்தையை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். போனை வழக்கமான தூரத்தில் பிடித்துக்கொண்டு மூன்று புள்ளிகளும் தனித்தனியாகத் தெரிந்தால் அளவு சரி.

Large வைத்தும் போதவில்லையா? போனின் சொந்த Settings-இல் Display பகுதிக்குப் போய் அங்குள்ள Font size-ஐ ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். சாட் பட்டியலும் மெனுவும் பெரிதாவது இதனால்தான். வாட்ஸ்அப்பின் Large உரையாடலுக்குள் மட்டுமே வேலை செய்யும். இரண்டையும் ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். நீளமான தமிழ்ச் சொற்கள் வரிக்கு ஒன்றிரண்டாக உடைந்து, ஒரு செய்திக்கே பலமுறை தள்ள வேண்டியிருக்கும். ஐபோனில் வாட்ஸ்அப்புக்குள்ளே தனி Font size கிடையாது, போனின் Text Size-தான்.

இனி வால்பேப்பர். எழுத்து குமிழிக்குள் இருப்பதால் பின்னணிப் படம் அதை நேரடியாக மறைக்காது. கெடுப்பது வேறு விதம்: பேரப்பிள்ளையின் போட்டோவையோ கோலத்தையோ வைத்தால் குமிழிகளுக்கு நடுவே வரும் முகமும் கோடுகளும் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒற்றை நிறம், அதுவும் குமிழியைவிடச் சற்று மங்கலானது, போதும். போட்டோ இருந்தே தீர வேண்டுமென்றால் அந்த ஒருவரின் சாட்டில் மட்டும் வையுங்கள். பிறகு பொது வால்பேப்பரை மாற்றும்போது அந்த சாட் மட்டும் மாறாது. கோளாறு இல்லை, தனியாக வைத்தது அப்படித்தான் நிற்கும்.

பகலில் பார்த்து முடிவு செய்துவிட்டு இரவில் ஏமாறுவதும் உண்டு. டார்க் மோடுக்கு வால்பேப்பர் தனி; அதை மங்கலாக்க ஒரு ஸ்லைடரும் இருக்கிறது. அதனால் இரண்டு மோடிலும் ஒருமுறை பாருங்கள். நிறம் சரிதானா என்று சோதிக்க, செய்தியைப் பார்க்காமல் உங்கள் குமிழியின் மூலையில் இருக்கும் நேரத்தையும் டிக்கையும் பாருங்கள். அவைதான் இருப்பதிலேயே மங்கலானவை. நீல டிக் நீலக் குமிழிக்குள் கரைந்துவிடக்கூடும்.

இத்தனை செய்தாலும் போட்டோவாக வரும் அழைப்பிதழும் நோட்டீஸும் பெரிதாகாது. அவற்றைத் திறந்து இரு விரலால் விரித்துத்தான் படிக்க வேண்டும்.