கப்பியும் தையல் சக்கரமும்: மேட்ச் கட்டில் சறுக்கும் இடங்கள்

கிராமத்தில் ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள். கப்பி சுற்றுகிறது. ஒரே வெட்டு. அதே இடத்தில், அதே அளவில், திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மிஷினின் சக்கரம் சுற்றுகிறது. அவள் மகள் அங்கே வேலைக்குப் போய்விட்டாள் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடலாம். ஒரு குறும்படத்துக்காக இந்த மேட்ச் கட்டைத் திட்டமிட்டோம். தாளில் எழுதியபோது இரண்டும் வட்டம், இரண்டும் சுற்றுகின்றன, வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தோம். எடிட் மேசையில் ஒட்டிப் பார்த்தால் கண் தடுக்கி விழுந்தது.

முதல் தவறு, சுற்றும் திசையைப் பார்க்காதது. தையல் மிஷினின் சக்கரம் அதன் வலது ஓரத்தில் இருக்கும். தைப்பவர் அதைத் தன்னை நோக்கித் திருப்புவார். வலப்பக்கம் போய் நின்று கேமராவை நேராக வைத்தால் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றும். மறுபக்கம் போய் எடுக்கலாம் என்றால் மிஷினின் உடம்பே சக்கரத்தை மறைத்துவிடும். ஆக, இந்தப் பக்கம் நமக்கு வேறு வழி இல்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது கிணறுதான். இறைப்பவர் திரையின் இடப்பக்கம் நின்றால் அவர் இழுக்கும் கயிறு இடப்பக்கம் கீழே வரும், கப்பி இடஞ்சுழியாகச் சுற்றும். நாங்களோ காலை வெயில் முகத்தில் நன்றாக விழுகிறது என்று அவரை வலப்பக்கம் நிறுத்தி எடுத்துவிட்டு வந்திருந்தோம். அது வலஞ்சுழி. வெட்டும் இடத்தில் ஓடுகிற சக்கரத்தை யாரோ பிடித்துப் பின்னால் தள்ளியது போல இருந்தது.

உடனே எல்லோரும் சொல்வது, ‘படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடு’ என்பதுதான். செய்து பார்த்தோம். புடவை முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. நம் ஊர்ப் பார்வையாளருக்கு அது ஒரு நொடியில் உறுத்தும். தையல் மிஷினைத் திருப்பினால் அதன் மேல் உள்ள எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரியும், சக்கரமும் இடது ஓரத்துக்கு வந்துவிடும். எழுத்தோ, ஆடையோ, பழகிய கருவியோ இல்லாத ஷாட்டுக்கு மட்டும்தான் இந்த வைத்தியம்.

எங்களைக் காப்பாற்றியது ஃபுட்டேஜிலேயே இருந்தது. இறைப்பதற்கு முன்னால் அந்த அம்மா வாளியை நிதானமாக உள்ளே விட்டதையும் ஒரே டேக்கில் எடுத்திருந்தோம். வாளி இறங்கும்போது கப்பி எதிர்த்திசையில், அதாவது நமக்கு வேண்டிய இடஞ்சுழியில் சுற்றும். தண்ணீர் மேலே வருவதற்குப் பதில் வெறும் வாளி உள்ளே போவதில் வெட்டினோம். மகள் வேலைக்குப் போகும் கதைக்கு அது இன்னும் பொருத்தமாகவே அமைந்தது. அன்றிலிருந்து போகும் அசைவு, வரும் அசைவு இரண்டையும் எடுக்காமல் கேமராவை மூடுவதில்லை.

அடுத்தது வேகம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பனியன் கம்பெனி மிஷின் நிமிடத்துக்கு 4000 தையல் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு ஒரு சுற்று என்றால் நொடிக்கு 66 சுற்றுக்கு மேல். நாம் எடுப்பது நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சக்கரம் இரண்டரை முறைக்கு மேல் சுற்றி முடித்திருக்கும். திரையில் அது சுற்றாமல் நிற்பது போலவோ பின்னால் போவது போலவோகூடத் தெரியலாம். கப்பியோ இரண்டு நொடிக்கு ஒரு சுற்று, அதாவது ஃப்ரேமுக்கு ஏழரை டிகிரி. இந்த இரண்டையும் எடிட்டில் வேகம் கூட்டிக் குறைத்துப் பொருத்தவே முடியாது. தையல் தொடங்கும் முன் ஊசியை இறக்க, தைப்பவர் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புவார். அந்தக் கணத்தைத்தான் எடுக்க வேண்டும். பொய்யில்லாத அசைவு, கப்பிக்கு நெருக்கமான வேகம்.

இன்னொரு சிக்கலை இடத்துக்குப் போன பிறகுதான் கண்டோம். வீட்டுக் கால்மிதி மிஷினின் பெரிய சக்கரத்துக்கு ஆரங்கள் உண்டு. நாங்கள் எடுத்த கம்பெனி மிஷினின் சக்கரம் வழவழப்பான கறுப்பு வட்டு. சுற்றினாலும் சுற்றுவது தெரியாது! அங்கிருந்த ஒரு அக்கா துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்து விளிம்பில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு கோடு கப்பியின் ஆரத்துக்கு ஜோடியாகிவிட்டது. வெட்டும்போது ஆரம் மணி பத்து இருக்கும் இடத்தில் முடிந்தால், அடுத்த ஷாட்டில் சாக்பீஸ் கோடு அதே இடத்தில் தொடங்கக் கூடாது, ஒரு ஃப்ரேம் அசைவு தள்ளித் தொடங்க வேண்டும். அதே இடத்தில் தொடங்கினால் ஒரு கணம் உறைந்து நகர்வது போல விக்கும்.

அளவும் இடமும் எடிட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்பது பாதி உண்மை. 4கே-யில் எடுத்து எச்டி-யில் முடித்தால் தரம் கெடாமல் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம், நகர்த்தலாம். ஆனால் கோணத்தை மாற்ற முடியாது. கப்பி தலைக்கு மேலே தொங்குகிறது. கீழிருந்து பார்த்தால் அது வட்டமில்லை, லேசான நீள்வட்டம். தையல் சக்கரத்தை நேர் உயரத்தில் வைத்து எடுத்தால் முழு வட்டம். ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. கேமராவை மேசைக்குக் கீழே இறக்கி அதே சாய்வில் அண்ணாந்து பார்க்க வைத்தோம். தூரத்துக்கு எளிய கணக்கு உண்டு. அதே கேமரா, அதே லென்ஸ். கப்பி 20 செ.மீ., 160 செ.மீ. தள்ளி எடுத்தோம். சக்கரம் 12 செ.மீ. என்றால் 96 செ.மீ. தள்ளி வைத்தால் திரையில் இரண்டும் ஒரே அளவு. கிணற்று ஷாட்டின் கடைசி ஃப்ரேமை மானிட்டரில் நிறுத்தி, அதன் மேல் கண்ணாடி போன்ற ஓஎச்பி ஷீட்டை ஒட்டி, வட்டத்தையும் அச்சையும் மார்க்கரால் வரைந்து திருப்பூருக்குக் கொண்டுபோனோம். அந்த ஷீட்டுக்குள் சக்கரம் உட்கார்ந்த பிறகுதான் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினோம். எடிட்டில் சோதிக்க, இரண்டாவது ஷாட்டை மேல் டிராக்கில் வைத்து `Opacity` 50 ஆக்குங்கள். இரண்டு அச்சும் இரண்டு புள்ளியாகத் தெரிந்தால் இன்னும் பொருந்தவில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் முதல் முயற்சியில் வெட்டு விழவில்லை. காரணம் வெளிச்சம். கப்பி வெள்ளை வானத்தின் முன் கறுப்பாக நின்றது. சக்கரத்தின் பின்னால் இருட்டுக் கூடம், தூரத்தில் வரிசையாக டியூப்லைட். ஷாட் மாறியதும் கண் சக்கரத்தை விட்டுவிட்டு விளக்கைத் தேடி ஓடியது. வடிவம் பொருந்துவது போதாது, கறுப்பு இருந்த இடத்தில் கறுப்பும் வெளுப்பு இருந்த இடத்தில் வெளுப்பும் வர வேண்டும். கம்பெனியில் வெள்ளைத் துணிக்கா பஞ்சம்? தைக்க வந்த பனியன் துணியைச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட்டு அதன் மேல் ஒரு விளக்கைத் திருப்பினோம். வானம் துணியானது. வெட்டிய பிறகு ஒன்றரை நொடி சக்கரத்தை மட்டும் காட்டி, கப்பியின் கிரீச் ஒலியை அது வரை ஓடவிட்டு, பிறகு ஒரு கை வந்து அந்தத் துணியை உருவி எடுப்பது போல வைத்தோம். கூடம் முழுக்க மிஷின்களின் இரைச்சல் அங்கேதான் தொடங்குகிறது.