பொருளைப் பார்க்கும் முன் ஓடிபி சொல்வது: டெலிவரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெலிவரி ஓடிபி என்பது அந்தக் காலத்தில் கூரியர்காரர் நீட்டிய தாளில் நாம் போட்ட கையெழுத்து மாதிரிதான், ஆனால் அதைவிடக் கனமானது. ஏஜென்ட் தன் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டிய நொடியில் ஆர்டர் ‘டெலிவர்டு’ ஆகிவிடும். பிறகு நீங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், எடுப்பவர் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்: இத்தனை மணிக்கு ஓடிபி சரிபார்க்கப்பட்டது, பொருள் ஒப்படைக்கப்பட்டது. அந்த நேரத்தில் நீங்கள் வாசலில் நின்றீர்களா, ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடி போனில் எண்ணைச் சொன்னீர்களா என்பதெல்லாம் அதில் இருக்காது.

செல்போன், லேப்டாப், டிவி போன்ற விலை கூடிய பொருட்களில் இது இன்னும் சிக்கல். இவற்றுக்கு ‘ஓப்பன் பாக்ஸ் டெலிவரி’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட் உங்கள் கண்ணெதிரே பெட்டியைப் பிரித்துக் காட்ட வேண்டும், நீங்கள் பார்த்து, சரியான பொருள்தான், உடையவில்லை, உள்ளே எல்லாம் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகு ஓடிபி சொல்ல வேண்டும். அதாவது இங்கே ஓடிபி சொன்னால் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டுமல்ல, ‘பிரித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்றும் அர்த்தம். பிரிக்காமலே எண்ணைக் கொடுத்துவிட்டு மறுநாள் ‘உள்ளே வேறு போன் இருந்தது’ என்று சொன்னால், நீங்களே பார்த்துத்தானே ஒத்துக்கொண்டீர்கள் என்ற பதில்தான் வரும்.

ஏன் முன்கூட்டியே கேட்கிறார்கள்? எல்லோரும் திருடர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள் நிறையப் பேர், ஷிப்ட் முடிவதற்குள் பையைக் காலி செய்ய வேண்டும், ஒரே அபார்ட்மென்டில் எட்டுப் பத்து வீடு இருந்தால் கேட்டிலேயே நின்று எல்லோருக்கும் போன் போட்டு எண்ணை வாங்கி முடித்துவிடுவது அவர்களுக்குச் சுலபம். “சார், சர்வர் டவுனா இருக்கு, இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் எக்ஸ்பைர் ஆயிடும்” என்பார்கள். அவசரம் அவருடையது. எண் காலாவதி ஆனால் மறுபடி அனுப்பவைக்கலாம், இல்லையென்றால் டெலிவரி மறுநாளுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ‘செக்யூரிட்டிகிட்ட குடுத்துடறேன்’ என்றால் விலை குறைந்த பொருளாக இருந்தால் சரி, ஓப்பன் பாக்ஸ் ஆர்டராக இருந்தால் “நாளைக்குக் கொண்டு வாங்க, வீட்ல இருப்பேன்” என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, எண்ணைச் சொல்லும் முன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள். டெலிவரிக்கான எஸ்எம்எஸ்ஸில் கடையின் பெயரும் பொருளைப் பற்றி ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். அதில் கணக்கிலிருந்து எடுக்கப்போகும் தொகையோ, வங்கிப் பெயரோ, ‘லாகின்’ என்ற சொல்லோ இருந்தால் போனில் பேசுபவர் டெலிவரி ஆளே இல்லை. ‘ஆர்டரை கேன்சல் பண்ண ஒரு நம்பர் வரும், சொல்லுங்க’ என்பதும் இதே ரகம்தான். கேன்சல் செய்ய வேண்டுமானால் உங்கள் ஆப்பில் நீங்களே செய்துகொள்ளுங்கள்.

சரி, வாசலில் என்ன செய்ய வேண்டும்? முதலில் வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுங்கள். டிராக்கிங் எண் அதில் இருக்கும், பார்சலின் எடையும் பல சமயம் அச்சாகியிருக்கும், பின்னால் தகராறு வந்தால் அந்த எடை உதவும். பிரிக்கும்போது வீட்டில் யாராவது வீடியோ எடுக்கட்டும், வெட்டுப்படாத டேப்பிலிருந்து தொடங்கி நடுவில் நிறுத்தாமல். செல்போன் என்றால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணை, பில்லில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பில்லில் எண் இல்லையென்றால் மாடல், நிறம், மெமரி அளவையாவது பாருங்கள். போனை ஆன் செய்ய விட்டால் `*#06#` அழுத்தினால் உள்ளே இருக்கும் எண் திரையில் வந்துவிடும், ஆனால் ஆன் செய்ய எல்லா இடத்திலும் விடமாட்டார்கள், வெளித்தோற்றத்தோடு சரி. பொருள் தவறாக இருந்தால் ஓடிபி சொல்லாமல் திருப்பி அனுப்புங்கள், அவர் கிளம்பும் முன் உங்கள் ஆப்பில் ஆர்டரின் நிலை மாறியதா என்று பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் மீறி ஆர்டரை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள். ஏஜென்டுக்கே திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டு, ‘சாயந்திரம் வரேன்’, ‘ஹப்ல இருக்கு, காலைல வந்துடும்’ என்ற பேச்சை நம்பி இரண்டு நாளை ஓட்டிவிடுவார்கள். காணாமல் போன பார்சலுக்கும், பொருள் மாறி வந்ததற்கும் புகார் சொல்ல ஒவ்வொரு கடையும் ஒரு கெடு வைத்திருக்கிறது, சிலவற்றில் அது மிகவும் குறைவு. ஏஜென்டுக்கு ஒரு முறை போன் செய்யுங்கள், உடனே வராவிட்டால் அன்றைக்கே ஆப்பில் புகாரைப் பதிந்துவிடுங்கள். அவர் மறுநாள் கொண்டுவந்தால் புகாரை மூடிக்கொள்ளலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

புகாரில் எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பொருளே கையில் வரவில்லையென்றால் ‘டெலிவர்டு என்று காட்டுகிறது, ஆனால் கிடைக்கவில்லை’ என்ற வகை. பெட்டி வந்து உள்ளே வேறு இருந்தால் ‘தவறான பொருள்’ அல்லது ‘காலிப் பெட்டி’. சாட்டில் இருப்பவர் “ரிட்டர்ன் போட்டுடுங்க மேடம்” என்று சுலபமாகச் சொல்லிவிடுவார், அதைக் கேட்டுச் சாதாரண ரிட்டர்னை அழுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. மேடவாக்கத்தில் வீடு, கிண்டியில் வேலை. இருபதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஒரு போன், ஓப்பன் பாக்ஸ் ஆர்டர். காலை 11:40க்கு அழைப்பு, கேட்டில் கொடுத்துவிடுகிறேன் என்றதும் எண்ணைச் சொல்லிவிட்டார், 11:41க்கு ‘டெலிவர்டு’. சாயந்திரம் வந்து பிரித்தால் உள்ளே அதே கம்பெனியின் விலை குறைந்த பழைய மாடல். சாட்டில் சொன்னபடி ரிட்டர்ன் போட்டார். பிக்கப்புக்கு வந்தவர் ஐஎம்இஐயைத் தன் ஆப்பில் பொருத்திப் பார்த்தார், பொருந்தவில்லை, ‘பொருள் மாறியிருக்கிறது’ என்று பதிந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பொருந்தாதுதான், பொருந்தினால் புகாரே இல்லையே! ஆனால் பதிவைப் பார்ப்பவருக்கு வாடிக்கையாளர்தான் போனை மாற்றி வைத்துவிட்டார் என்று தோன்றும். இரண்டாவது பிக்கப்பும் அப்படியே போனது.

அப்புறம் அவர் சாட்டை விட்டுவிட்டு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினார். கோபமாக நாலு பக்கம் எழுதவில்லை, நேரத்தை மட்டும் வரிசையாக வைத்தார். ஏறக்குறைய இப்படி:

“காலை 11:40க்கு உங்கள் ஏஜென்ட் அழைத்தார், போனிலேயே ஓடிபி சொன்னேன் (அழைப்புப் பதிவு இணைப்பு). 11:41க்கு ஆர்டர் டெலிவர்டு ஆனது (எஸ்எம்எஸ் இணைப்பு). அப்போது நான் அலுவலகத்தில் இருந்தேன் (வருகைப் பதிவு இணைப்பு). இது ஓப்பன் பாக்ஸ் ஆர்டர், பெட்டி என் முன் பிரிக்கப்படவில்லை, கேட்டில் வைத்துச் சென்றார் (செக்யூரிட்டி பதிவேட்டின் படம் இணைப்பு). பில்லில் உள்ள ஐஎம்இஐ வேறு, எனக்கு வந்த போனில் உள்ளது வேறு. பெட்டி என் முன்னிலையில் பிரிக்கப்பட்டதற்கு உங்களிடம் உள்ள ஆதாரத்தைத் தரவும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பவும்.”

இதில் வேலை செய்வது கடைசி வரிதான். ஓடிபி சொன்னதை மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது, அவர்களிடம் பதிவு இருக்கிறது. பொருள் இங்கே, ஆள் அங்கே என்று காட்டிவிட்டு, ‘பார்த்துத்தான் வாங்கினார்’ என்று நிரூபிக்கும் வேலையை அவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறார். விசாரணைக்குப் பிறகு பணம் வந்தது. அழைப்புப் பதிவையோ எஸ்எம்எஸ்ஸையோ அழித்திருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம், அதனால் பிரச்சினை முடியும் வரை எதையும் அழிக்காதீர்கள், பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். அபார்ட்மென்ட் கேமராவில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், அன்றைக்கே அசோசியேஷனிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி கேட்கவே இல்லை, சொல்லவும் இல்லை, ஆனால் ‘டெலிவர்டு’ என்று காட்டினால் உங்கள் பக்கம் இன்னும் வலு. யார் வாங்கினார், எந்த இடத்தில் கொடுக்கப்பட்டது, போட்டோ அல்லது கையெழுத்து இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் ஒவ்வொரு தளத்திலும் இருந்தே ஆக வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்தது என்று அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலோ ‘ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், மூடிவிட்டோம்’ என்று முடித்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது consumerhelpline.gov.in. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். கஸ்டமர் கேரில் அசையாத கேஸ் அங்கே அசைவதுண்டு. கார்டில் பணம் கட்டியிருந்தால் இதோடு சேர்த்து வங்கியிலும் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று டிஸ்ப்யூட் போடுங்கள். அதற்கும் கெடு உண்டு, கடை சொல்லும் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

அங்கும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், e-jagriti.gov.in வழியாக ஆன்லைனிலும் பதியலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். ஏஜென்டே எடுத்துக்கொண்டார் என்று வலுவான சந்தேகம் இருந்தால் போலீஸிலும் ஒரு புகார் கொடுங்கள், அதில் பில்லில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணை மறக்காமல் எழுதுங்கள், ஏனென்றால் உங்களுக்கு வராத அந்தப் போனில் யாராவது சிம் போட்டால் அவர்களால் தேட முடிவது அந்த எண்ணை வைத்துத்தான்.